வீடு உடைத்துக் களவு போனால் காப்புறுதி எதைக் கேட்கும்? பொருள் பட்டியலும் அத்தாட்சியும்

நல்லூர்த் தேருக்கோ மடுவுக்கோ குடும்பமாகப் போய்த் திரும்பும்போது வீடு உடைபட்டுக் கிடந்தால், திருகோணமலையில் அக்கம்பக்கத்தார் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "பொலிஸில என்ட்ரி போட்டாச்சுதானே, இனிக் காப்புறுதிக் காசு வந்திடும்" என்பார் ஒருவர். "பில் இல்லாட்டி ஒரு சதமும் தரமாட்டாங்கள், வீணா அலையாதேங்கோ" என்பார் மற்றவர். இரண்டுமே பிழை. முதல் ஆளை நம்பினால் ஆயத்தம் இல்லாமல் போய் ஏமாறுவீர்கள். இரண்டாவது ஆளை நம்பினால் கிடைக்கவேண்டியதைக் கேட்காமலே விட்டுவிடுவீர்கள்.

தொடங்குமுன் ஒரு விஷயத்தைச் சரிபார்த்துக் கொள்ளுங்கள். வீட்டுக்கடன் எடுத்தபோது வங்கி போடச் சொன்ன காப்புறுதி பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டுமே, அதுவும் தீ, வெள்ளம், புயல் போன்றவற்றுக்கே. உள்ளே இருக்கும் தளபாடம், டிவி, நகை அதில் அடங்காது. உங்கள் பொலிசியில் "வீட்டு உள்ளடக்கப் பொருட்கள்" என்ற பகுதியும் "வீடு உடைத்துத் திருடல்" என்ற பகுதியும் இருந்தால்தான் கீழே சொல்வது உங்களுக்குப் பொருந்தும்.

## இரவல் கொடுத்த சைக்கிள்

பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் சைக்கிளை இரவல் வாங்கிப் போய்த் தொலைத்துவிட்டார் என்று வையுங்கள். நல்ல மனுசன், காசு தருகிறேன் என்கிறார். எவ்வளவு கேட்பீர்கள்? அது ஆறு வருடம் ஓடிய சைக்கிள். புதுச் சைக்கிளின் விலையைக் கேட்டால் அவருக்கு அநியாயம். பழைய இரும்பு விலைக்கு விட்டுக்கொடுத்தால் உங்களுக்கு அநியாயம். தொலைந்த அன்று காலையில் அந்தச் சைக்கிளுக்கு என்ன பெறுமதியோ, அதுதான் நியாயம்.

காப்புறுதியின் அடிப்படையும் இதுதான். இழப்புக்குச் சற்று முன் நீங்கள் இருந்த நிலைக்கு உங்களைத் திரும்பக் கொண்டுவருவது, அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. இதற்கு நட்டஈட்டுக் கோட்பாடு என்று பெயர்.

ஒரு பெரிய வித்தியாசம் மட்டும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் அந்தச் சைக்கிளைக் கண்ணால் கண்டவர், அது உங்களுடையது என்பதும் அவருக்குத் தெரியும். காப்புறுதி நிறுவனம் உங்கள் வீட்டுக்குள் ஒருநாளும் வந்ததில்லை. அதனால் அது மூன்று கேள்வி கேட்கும். நடந்தது பொலிசி சொல்லும் வகையான களவுதானா? அந்தப் பொருள் களவு நடந்த அன்று உங்களிடம் இருந்ததா? அன்றைக்கு அதன் பெறுமதி என்ன? மூன்றுக்கும் வேறு வேறு அத்தாட்சி வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பல கோரிக்கைகள் இழுபடுகின்றன.

## முதல் கேள்வி: எது "களவு"?

நமக்குப் பொருள் போனால் அது களவு. பொலிசிக்கு அப்படியில்லை. பெரும்பாலான பொலிசிகள் பலாத்காரமாக உள்ளே வந்த அல்லது வெளியே போன தடயம் இருக்கவேண்டும் என்று கேட்கும். பூட்டு உடைந்தோ, யன்னல் கம்பி வளைந்தோ, ஓடு கழற்றப்பட்டோ இருக்க வேண்டும். பூச்சாடிக்குக் கீழே வைத்த திறப்பை எடுத்துக் கதவைத் திறந்து வந்திருந்தால், களவு உண்மையாக நடந்திருந்தாலும் இந்த நிபந்தனை நிறைவேறாது. வீட்டில் வேலைசெய்பவரோ குடும்பத்தில் ஒருவரோ எடுத்திருந்தாலும் பொதுவாக விலக்குத்தான்.

கடலோர வீடுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உவர்மலையிலும் உப்புவெளியிலும் உப்புக் காற்றில் கொண்டி, தாழ்ப்பாள் எல்லாம் விரைவில் துருப்பிடித்துவிடும். அப்படி இத்துப்போன கொண்டியை ஒருவன் தள்ளித் திறந்தால், உடைந்த இடம் பழைய துருவைப்போலவே தெரியும். இழப்பைப் பார்த்துக் கணக்கிட நிறுவனம் அனுப்பும் இழப்பு மதிப்பீட்டாளர் அதை "முன்பே உடைந்திருந்தது" என்று எழுத இடமுண்டு. துரு பிடித்த இரும்பு புதிதாக முறிந்தால் முறிந்த முகத்தில் கொஞ்சமாவது பளபளப்பு இருக்கும். சில நாளில் அதுவும் மங்கிவிடும். ஆகவே வந்த உடனேயே கிட்ட வைத்துப் படம் எடுங்கள். கதவு நிலையில் உள்ள நெம்புகோல் தழும்பையும் எடுங்கள். முறிந்த துண்டை எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

வீட்டைக் கண்டதும் கூட்டித் துடைத்து ஒழுங்குபடுத்தத்தான் கை போகும். பொலிஸார் கைரேகை எடுக்கும்வரை அதைச் செய்யாதீர்கள். பாதுகாப்புக்காகக் கதவை உடனே திருத்தத்தான் வேண்டுமென்றால், படம் எடுத்த பிறகு திருத்தி, தச்சனிடம் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அதில் எந்தக் கதவு, என்ன உடைந்திருந்தது என்று எழுதச் சொல்லுங்கள். அதுவும் ஒரு அத்தாட்சிதான்.

பயணம் போனவர்களுக்கு உரிய நிபந்தனை ஒன்றும் உண்டு. வீடு தொடர்ந்து குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் களவுக் காப்பு நின்றுவிடும் என்று பல பொலிசிகளில் இருக்கும். 30 நாள் என்பது அடிக்கடி காணும் எல்லை. நல்லூர்த் திருவிழா 25 நாள். முழுத் திருவிழாவுக்கும் யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டு, அப்படியே உறவினர் வீடுகளுக்கும் போய்வந்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். எப்போது போனீர்கள், எப்போது வந்தீர்கள் என்பதைக் காட்ட பஸ் அல்லது ரயில் டிக்கெட்டை வைத்திருங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், முதல் கேள்விக்குப் பதில் உங்கள் பொருளில் இல்லை. கதவிலும் யன்னலிலும் பயணத் திகதியிலும்தான் இருக்கிறது.

## பொலிஸ் முறைப்பாடு எதை நிரூபிக்கிறது?

முறைப்பாடு இல்லாமல் கோரிக்கை நகராது, உண்மை. ஆனால் அந்த முறைப்பாடு, இன்ன நாளில் நீங்கள் வந்து இப்படிச் சொன்னீர்கள் என்பதற்குத்தான் சாட்சி. நீங்கள் சொன்ன டிவி உங்களிடம் இருந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது. பொலிஸார் எழுதுவது நீங்கள் சொல்வதைத்தான்.

அப்படியானால் அது ஏன் இவ்வளவு முக்கியம்? மதிப்பீட்டாளர் முதலில் செய்யும் வேலை, முறைப்பாட்டில் உள்ள பட்டியலையும் நீங்கள் நிறுவனத்துக்குக் கொடுத்த பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். பொலிஸில் "ஒரு சங்கிலி" என்று சொல்லிவிட்டு நிறுவனத்துக்கு "சங்கிலி, இரண்டு காப்பு" என்று எழுதினால், அந்தக் காப்புகள் உண்மையிலேயே போயிருந்தாலும் முழுப் பட்டியலின் மேலும் சந்தேகம் விழும்.

நம் பகுதியில் இது பல நேரம் மொழியால் வருகிறது. பதற்றத்தில் தமிழில் சொல்வோம், கடமையில் இருப்பவர் சிங்களத்தில் எழுதுவார், நாம் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவோம். பிறகு பார்த்தால் ஐந்து பொருள் "நகைகளும் மின்சாதனங்களும்" என்று ஒரே வரியில் முடிந்திருக்கும். தமிழில் முறைப்பாடு கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, அதைக் கேளுங்கள். எப்படி எழுதினாலும் கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பொருள் பட்டியலை வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு போனால் எதுவும் விடுபடாது.

முதல் நாளில் எல்லாம் நினைவுக்கு வராது. அது எல்லோருக்கும் நடப்பதுதான். அதனால் முறைப்பாட்டின் முடிவில் "வேறு பொருட்கள் காணாமல் போயிருப்பது தெரிந்தால் பின்னர் அறிவிப்பேன்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு ஏதாவது தெரியவந்தால் மேலதிக வாக்குமூலம் கொடுத்து, அதே மாற்றத்தை நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். இரண்டு பட்டியலும் சேர்ந்தே வளரவேண்டும்.

## இரண்டாவது கேள்வி: அது உங்களிடம் இருந்ததா?

கடைப் பில் மிகச் சிறந்த அத்தாட்சி. ஆனால் அது மட்டும்தான் அத்தாட்சி என்று பொலிசிகள் பொதுவாகச் சொல்வதில்லை. மதிப்பீட்டாளர் தேடுவது, பொருள் உங்கள் கைக்கு வந்ததற்கு ஒரு தடயமும், களவு நடந்த காலம்வரை உங்களிடமே இருந்ததற்கு ஒரு தடயமும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 2018ஆம் ஆண்டுப் பில் ஒன்று, நீங்கள் அந்த டிவியை வாங்கினீர்கள் என்று மட்டும் சொல்லும். இடையில் விற்றிருக்க மாட்டீர்கள் என்று அது சொல்லாது.

இதை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். விளக்கத்துக்காக நானே அமைத்த குடும்பம் இது. உவர்மலையில் வீடு, கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். தேருக்கு யாழ்ப்பாணம் போய் ஆறு நாளில் திரும்பினார்கள். பின்கதவு நெம்பித் திறக்கப்பட்டிருந்தது. போனவை: ஒரு டிவி, ஒரு லேப்டொப், இரண்டு பவுணில் ஒரு சங்கிலி, அலுமாரியில் இருந்த 85,000 ரூபாய் காசு, கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டர்.

டிவிக்குப் பில் இல்லை. தவணைக்கு வாங்கியது, அந்த அட்டை மட்டும் ஒரு கோப்பில் கிடந்தது. அதில் மாதிரி எண்ணும் மாதாமாதம் கட்டிய தொகையும் கடையின் முத்திரையும் இருக்கின்றன. வாங்கியதற்கு இது தாராளமாகப் போதும். அண்மைவரை இருந்ததற்கு, சின்னவனின் பிறந்தநாள் படத்தில் கேக்குக்குப் பின்னால் அதே டிவி தெரிகிறது. கைத்தொலைபேசியில் அந்தப் படத்தின் திகதியும் இருக்கிறது. சுவரில் டிவி மாட்டிய தாங்கி இன்னும் இருக்கிறது, கீழே ரிமோட் இருக்கிறது. ரிமோட்டையும் தாங்கியையும் மதிப்பீட்டாளர் வரும்வரை அப்படியே விடவேண்டும்.

லேப்டொப்பை கனடாவில் இருக்கும் அக்கா வாங்கி அனுப்பினார். பில் அவர் பெயரில். "என் பெயரில் இல்லையே" என்று இதை விட்டுவிடுபவர்கள் அதிகம், விடத் தேவையில்லை. அக்காவிடம் கடையின் மின்னஞ்சலை அனுப்பச் சொல்லி, இன்ன திகதியில் தங்கைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தேன் என்று கையெழுத்திட்ட கடிதமும் வாங்கவேண்டும். தொடரிலக்கம் பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கும். வீட்டில் மிஞ்சிய சார்ஜரும் துணைச் சாட்சி. கைத்தொலைபேசி போயிருந்தால் அதன் ஐஎம்இஐ எண் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். இப்போது கையில் இருக்கும் தொலைபேசிகளில் `*#06#` என்று அழுத்தினால் அந்த எண் திரையில் வரும், இன்றைக்கே குறித்து வைத்துவிடலாம்.

நகைதான் மிகச் சிக்கலானது. திருமண அல்பத்தில் சங்கிலி தெரியும், ஆனால் படம் எடையைச் சொல்லாது. நகைக்கடைப் பில் பல வீடுகளில் இருக்காது, பாட்டி கொடுத்ததாக இருக்கும். இங்கேதான் யாரும் நினைக்காத ஒரு தாள் கைகொடுக்கும். அது வங்கியின் பழைய அடகுப் பற்றுச்சீட்டு. வங்கி நகையை அடகு பிடிக்கும்போது தன் ஆளைக் கொண்டு நிறுத்து, உரைத்துப் பார்த்து, நகையின் விவரம், எடை, கரட் எல்லாம் எழுதும். உங்களோடு எந்த உறவும் இல்லாத ஒருவர், காப்புறுதிக் கோரிக்கை என்ற எண்ணமே இல்லாத காலத்தில் எழுதிய பதிவு அது. அதைவிட வலுவான சாட்சி நகைக்குக் கிடைப்பது அரிது. அடகு வைத்ததை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு அந்தத் தாளை மறைக்காதீர்கள். மீட்டபோது தாளை வங்கி வாங்கிக்கொண்டிருந்தால், கிளையில் எழுத்தில் கேளுங்கள். தங்கள் பதிவிலிருந்து விவரம் தர முடியுமா என்று பார்ப்பார்கள்.

நம் உதாரணக் குடும்பத்திடம் அந்தப் பற்றுச்சீட்டின் பிரதி இருந்தது: சங்கிலி ஒன்று, 16 கிராம், 22 கரட். சரி, மீட்ட பிறகு விற்கவில்லை என்பதற்கு? மீட்ட திகதிக்குப் பிந்திய படம் ஒன்று வேண்டும். கோணேசர் கோயிலில் சென்ற பங்குனி உத்தரத்தன்று எடுத்த குடும்பப் படத்தில் அதே பதக்கத்தோடு சங்கிலி கழுத்தில் கிடக்கிறது. எடையை ஒரு தாள் சொல்கிறது, அண்மைவரை இருந்ததைப் படம் சொல்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் அத்தாட்சி முழுமை.

சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். அது உங்கள் சொந்த வாக்கை உறுதிப்படுத்துவது மட்டுமே. வேறு தடயங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை நிரப்ப உதவும், தனியாக நின்று தாங்காது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தெரிந்த கடைக்காரரிடம் பழைய திகதி போட்டு ஒரு பில் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பொருள் உண்மையிலேயே உங்களுடையதாக இருந்தாலும் வேண்டாம். ஒரு பொய் ஆவணம் பிடிபட்டால், அந்தப் பொருளுக்கு மட்டுமல்ல, முழுக் கோரிக்கைக்கும் உரிமை இழக்கச் செய்யும் மோசடி நிபந்தனை பொலிசிகளில் உண்டு. கடையின் பற்றுச்சீட்டுப் புத்தக எண் வரிசையைப் பார்த்தாலே அப்படியான பில் அகப்பட்டுவிடும்.

இதுவரை சொன்னதன் சாரம்: ஒவ்வொரு பொருளுக்கும் "வந்தது" என்பதற்கு ஒன்று, "இருந்தது" என்பதற்கு ஒன்று. பில் முதலாவதற்கு மட்டுமே.

## பட்டியலை எழுதும் விதம்

நினைவில் வரும் வரிசையில் எழுதாமல் அறை அறையாக எழுதுங்கள். வாசலில் நின்று இடப்பக்கச் சுவரிலிருந்து சுற்றிப் பார்த்தால், தூசிபடாத சதுரமும் வெறுமையான ஆணியும் உங்களுக்கு நினைவூட்டும். "டிவி 1" என்று எழுதினால் அதற்கு மதிப்பில்லை. தயாரிப்பாளர் பெயர், அளவு, மாதிரி எண், தொடரிலக்கம், வாங்கிய மாதமும் ஆண்டும், கொடுத்த விலை, இன்று அதே தரத்துக்குக் கடை சொல்லும் விலை, இணைத்த அத்தாட்சியின் எண். இவ்வளவும் ஒரு வரியில் வரவேண்டும். சரியான திகதி தெரியாவிட்டால் "2021 நடுப்பகுதி, அண்ணளவாக" என்று எழுதுங்கள். ஊகித்த திகதியைத் திட்டமான திகதிபோல எழுதிவிட்டு, பிறகு தவணை அட்டையில் வேறு திகதி இருந்தால் அது உங்களுக்கே எதிராக நிற்கும்.

நிறுவனத்துக்கு அறிவிப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். உடனே அறிவிக்கவேண்டும் என்பதும், விவரமான கோரிக்கையை இத்தனை நாளுக்குள் தரவேண்டும் என்பதும் பொலிசியில் எழுதியிருக்கும். தொலைபேசியில் சொன்னாலும் அன்றே ஒரு மின்னஞ்சலும் அனுப்பி வையுங்கள்.

## மூன்றாவது கேள்வி: எவ்வளவு?

இப்போது கணக்கு. உதாரணத்தில் வரும் விலைகளும் நிபந்தனைகளும் விளக்கத்துக்காக வைத்தவை. உங்கள் பொலிசியில் வேறாக இருக்கலாம்.

காப்புறுதித் தொகை என்பது உள்ளடக்கப் பொருட்களுக்காக நீங்கள் பொலிசியில் குறித்த மொத்தப் பெறுமதி. இந்தக் குடும்பம் 15 இலட்சம் என்று குறித்திருந்தது. தனிப்பட எழுதப்படாத எந்த ஒரு பொருளுக்கும் உச்சம் 150,000 ரூபாய்.

அதே அளவு டிவி இன்று 120,000 ரூபாய். வயது நான்கு வருடம், எட்டு வருடம் பாவிக்கலாம் என்று மதிப்பீட்டாளர் எடுத்துக்கொண்டார். பாதி தேய்ந்துவிட்டது, ஆக 60,000. இப்படிப் பாவனைக்காகக் கழிப்பதுதான் தேய்மானம். லேப்டொப் இன்று 200,000, ஒரு வருடம் பாவித்தது, ஐந்து வருட ஆயுள், ஆக 160,000. சில பொலிசிகள் தேய்மானம் கழிக்காமல் புதுவிலை தரும். அது பொலிசியில் வெளிப்படையாக எழுதியிருக்கவேண்டும், இல்லாவிட்டால் தேய்மானம் உண்டு என்றே எண்ணுங்கள்.

தங்கம் வயதால் தேயாது. எடை, கரட், இழப்பு நடந்த நாளின் விலை என்று பார்ப்பார்கள். ஆனால் இங்கே தனிப் பொருள் உச்சம் குறுக்கே நிற்கிறது. இரண்டு பவுண் சங்கிலியின் பெறுமதி 150,000ஐத் தாண்டிவிடும், கணக்கில் சேர்வதோ 150,000 தான். பொலிசி எடுக்கும்போது சங்கிலியை எடையோடு தனி வரியில் எழுதி, அதற்குரிய கட்டணமும் கட்டியிருந்தால் முழுப் பெறுமதியும் கேட்டிருக்கலாம். என்னைக் கேட்டால், நகை வைத்திருக்கும் வீட்டுக்கு இந்த ஒரு வரிதான் முழுப் பொலிசியிலும் கவனமாகப் பார்க்கவேண்டிய வரி.

காசு 85,000 இந்தப் பொலிசியில் விலக்கு. சில பொலிசிகள் சிறு தொகை ஒன்றைத் தரும். கிணற்றடி மோட்டர் பூட்டிய வீட்டுக்கு வெளியே இருந்தது. அதை எடுக்க எந்தக் கதவையும் உடைக்கவில்லை, ஆகவே அதுவும் இல்லை.

இதுவரை 60,000, 160,000, 150,000 சேர்ந்து 370,000. இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு வெட்டு வருகிறது. மதிப்பீட்டாளர் வீட்டில் மிஞ்சியிருந்த பொருட்களையும் பார்த்து, மொத்தமாக 20 இலட்சத்துக்குப் பொருள் இருந்திருக்கிறது என்று கணக்கிட்டார். 20 இலட்சத்துக்கு 15 இலட்சம்தான் காப்புறுதி. நான்கில் ஒரு பங்குக்குக் கட்டணமே கட்டவில்லை. ஆகவே ஒவ்வொரு இழப்பிலும் நான்கில் ஒரு பங்கு குடும்பத்தின் தலையில். இது சராசரி விதி. கட்டணத்தைக் குறைக்க மொத்தப் பெறுமதியைக் குறைத்துச் சொன்னால், சின்னக் களவிலும் இப்படித்தான் வெட்டு விழும். 370,000இல் முக்கால் பங்கு 277,500. ஒவ்வொரு கோரிக்கையிலும் முதலில் நீங்களே தாங்கவேண்டிய தொகை இந்தப் பொலிசியில் 10,000. கையில் வருவது 267,500 ரூபாய்.

## தொகை சொன்ன பிறகு

நிறுவனம் தொகையைச் சொன்னதும் ஒரு தீர்வுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கும். "முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்" என்ற வரி அதில் இருக்கும். கையெழுத்துப் போட்ட பிறகு விடுபட்ட பொருளுக்குத் திரும்பக் கேட்பது மிகக் கடினம். ஆகவே அதற்கு முன் கணக்கை எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பொருளுக்கு எத்தனை வருட ஆயுள் எடுத்தார்கள், சராசரி விதிக்கு வீட்டின் மொத்தப் பெறுமதியை எப்படி 20 இலட்சம் என்று கண்டார்கள். ஐந்து வருடம் ஓடும் பொருளுக்கு மூன்று வருட ஆயுள் போட்டிருந்தால், அந்தப் பொருள் வழக்கமாக எத்தனை வருடம் ஓடும் என்று கடையில் எழுத்தில் வாங்கி இணைத்து மறுபரிசீலனை கேட்கலாம். நிறுவனத்துக்கு எழுதிய பிறகும் தீராவிட்டால் கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், அவரிடம் எழுத்தில் முறையிடலாம்.

பணம் வாங்கிய பிறகு பொலிஸார் சங்கிலியைக் கண்டுபிடித்தால் அது நீதவான் நீதிமன்றத்தில் சான்றுப் பொருளாக இருக்கும். இழப்பீடு கொடுத்த அளவுக்கு அதில் நிறுவனத்துக்கு உரிமை உண்டு, அதனால் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியை நிறுவனத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும். சங்கிலியைத் திரும்பப் பெற விருப்பமென்றால், அதற்காக வாங்கிய தொகையில் எவ்வளவைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதை நிறுவனத்தோடு எழுத்தில் முடிவு செய்துவிட்டே நீதிமன்றத்தில் கேளுங்கள்.